ஸ்டாப்வாட்ச் மட்டும் போதாது

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒரு டைலர் டி-ஷர்ட்டின் கை ஓரத்தை மடித்துத் தைக்கிறார். பக்கத்தில் ஸ்டாப்வாட்ச்சோடு ஒருவர் வந்து நின்றால் கை தானாக மெதுவாகும். இன்று வேகமாகத் தைத்தால் நாளை டார்கெட் ஏறிவிடும் என்று அவருக்குத் தெரியாதா?

அதனால் கடிகாரம் காட்டுவதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. பல பீஸ்களை அளந்ததில் சராசரி 20 விநாடி என்று வைத்துக்கொள்வோம். நூல் அறுந்த பீஸ் கணக்கில் சேராது. அளப்பவர் டைலரின் வேகத்துக்கும் மதிப்பெண் போடுகிறார். பழகிய தொழிலாளியின் இயல்பான வேகம் 100. வெறுங்கையோடு சமதரையில் மணிக்கு சுமார் 6.4 கிலோமீட்டர் நடப்பது அதற்கு ஒரு அளவுகோல். இவருக்கு 90 கொடுத்தால், 20 விநாடி 18 ஆகிறது.

தண்ணீர் குடிக்க, களைப்பாற, சின்னத் தடங்கல்களுக்கு என 15 சதவீதம் கூட்டினால் 20.7 விநாடி. இதுதான் நிர்ணய நேரம். மணிக்கு 173 பீஸ்.

சண்டை வருவது மதிப்பெண்ணில்தான். அதே டைலருக்கு 100 போட்டிருந்தால் நிர்ணய நேரம் 23 விநாடி, டார்கெட் 156. எட்டு மணி நேரத்தில் வித்தியாசம் ஏறக்குறைய 140 பீஸ். அதைத் தீர்மானிப்பது கடிகாரமல்ல, பார்ப்பவரின் கண். அந்தக் கண்ணைப் பழக்கத்தான், ஒரே வீடியோவுக்குப் பலரை மதிப்பெண் போடச் சொல்லி ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.