ஆட்டுக்குட்டியின் பெயர் படிக்கட்டு

"போன வாரம் பேசினோமே, நினைவிருக்கிறதா?" என்று சாட்ஜிபிடி போன்ற செயலியிடம் கேட்டால், அது ஆமாம் என்று சொல்லிவிடக்கூடும். அந்த ஆமாமை நம்பாதீர்கள். கேள்விக்குப் பொருத்தமாக ஒலிக்கும் பதிலைக் கோப்பதுதான் அதன் வேலை. நினைவு உண்டா என்று அறிய, ஊகித்துச் சொல்லவே முடியாத ஒரு தகவல் வேண்டும்.

காபி பிடிக்கும் என்பதெல்லாம் உதவாது, குருட்டாம்போக்கில் சொன்னாலே சரியாகிவிடும். "எங்கள் வீட்டு ஆட்டுக்குட்டியின் பெயர் படிக்கட்டு, இதை நினைவில் வைத்துக்கொள்" என்று எழுதுங்கள். ஆட்டுக்கு யாரும் அப்படிப் பெயர் வைக்கமாட்டார்கள் என்பதே இதன் பலம்.

அதே உரையாடலில் கீழே இறங்கிப் பெயரைக் கேட்டால் சரியாகச் சொல்லும். பலரும் ஏமாறுவது இங்கேதான். நீங்கள் ஒவ்வொரு முறை எழுதும்போதும், அதுவரை பேசியதும் சேர்ந்தே அந்த மாடலுக்குப் போகிறது. மேலே எழுதியிருப்பதைப் படித்துத்தான் பதில் சொல்கிறது. அதனால் புதிய உரையாடலைத் திறந்து, "என் ஆட்டுக்குட்டியின் பெயர் என்ன?" என்று மட்டும் கேளுங்கள். விடையை நீங்களே எடுத்துக்கொடுத்துவிடக் கூடாது. "படிக்கட்டுதானே?" என்று கேட்டுவிட்டால் சோதனை கெட்டது. நினைவு வசதி இருந்தால் அந்தக் கேள்வியே புதிதாகப் பதிவாகிவிடலாம். பிறகு வேறொரு தகவலோடு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கூடவே இன்னொரு கேள்வியும் வேண்டும். நான் இதை முக்கியமாகக் கருதுகிறேன். ஒருபோதும் சொல்லாத ஒன்றைக் கேளுங்கள்: "என் மாமா வாங்கிய மாட்டின் பெயர் என்னவென்று சொன்னேன்?" தெரியாது என்று வந்தால் நல்லது. லட்சுமி என்று வந்தால் அது இட்டுக்கட்டுகிறது. அப்படிப்பட்ட செயலி தரும் மற்ற 'நினைவு'களையும் அதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். பதில் முறைக்கு முறை மாறும் என்பதால், இரண்டு கேள்விகளையும் நான்கைந்து புதிய உரையாடல்களில் கேட்டுப் பாருங்கள்.

'படிக்கட்டு' என்று சரியாக வந்தாலும், நம்மிடம் பேசிப்பேசி மாடல் கற்றுக்கொண்டது என்று பொருளல்ல. நம் தகவலைத் தனியே குறித்துவைத்து, புதிய உரையாடல் தொடங்கும்போது அந்தக் குறிப்பையும் மாடலுக்குக் கொடுக்கிறார்கள். சாட்ஜிபிடியில் இந்த வசதி 2024 பிப்ரவரியில் சிலருக்கு மட்டும் சோதனையாக வந்தது. 2025 ஏப்ரலில் பழைய உரையாடல்களிலிருந்தும் தகவல் எடுக்கும்படி விரிவாக்கினார்கள். அமைப்புகளில் நினைவை அணைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். பெயர் வராமல் போனால், அது வந்த இடம் தெரிந்துவிடும்.

உடல்நலம், பணம், குடும்பம் பற்றி அங்கே ஏதாவது எழுதியிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். சேமித்த குறிப்பை மட்டும் அழித்தால் பழைய உரையாடல் அப்படியே இருக்கும். உரையாடலை மட்டும் அழித்தால் குறிப்பு இருக்கும். இரண்டையும் அழியுங்கள்.