ஓய்விலும் ஓயாத களைப்பு

என் நண்பர் ஒருவர் எழுத்தராகப் பணிபுரிகிறார். வயது நாற்பத்தைந்து. மகளின் திருமணத்திற்கு வாங்கிய கடனைப் பற்றிய கவலை ஓராண்டாக அவரை விட்டு நீங்கவில்லை. அவர் பாரம் தூக்குபவர் அல்லர். ஞாயிறன்று பகலெல்லாம் படுத்தே கிடக்கிறார். ஆயினும் திங்கட்கிழமை காலையில், "மூட்டை சுமந்தவனைப் போல உடம்பு வலிக்கிறது சார்" என்கிறார். இரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றிற்கான சோதனைகளில் குறை ஏதும் தென்படவில்லை. அப்படியானால் அவருடைய ஆற்றல் எங்கே போயிற்று?

மூளை அதைச் செலவழித்துவிட்டது என்று பலர் எண்ணுவர். கணக்கிட்டுப் பார்ப்போம். ஓய்வாக இருக்கும் மனித உடல் ஏறக்குறைய 80 வாட் திறனில் ஆற்றலைச் செலவிடுகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு மூளைக்குரியது. கடுமையாகச் சிந்திக்கும்போது இச்செலவு எவ்வளவு கூடும்? 1930ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெனிடிக்ட் தம்பதியர், மனக்கணக்குப் போடுவோர் உட்கொள்ளும் ஆக்சிஜனை அளந்து இதற்கு விடை கண்டனர். உடலின் மொத்தச் செலவு நூற்றுக்கு நான்கு பங்கு அளவே கூடியது. அதாவது மணிக்குச் சுமார் 3 கிலோ கலோரி. அரை நிலக்கடலைப் பருப்பே போதும் என்றார்கள்! பத்து மணி நேரம் இடைவிடாது கவலைப்பட்டாலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரைக்கு மேல் செலவாகாது. ஆகவே நண்பரின் களைப்பு எரிபொருள் தீர்ந்ததால் வந்தது அன்று.

வேறு எதனால்? நீர் நிரம்பிய வாளியைக் கையில் தூக்கியபடி அசையாமல் நில்லுங்கள். வாளி நகரவில்லை, எனவே இயற்பியல் இலக்கணப்படி நீங்கள் செய்த வேலை சுழி. ஆனால் சில நிமிடங்களில் கை கடுக்கிறதே! தசையைச் சுருங்கிய நிலையில் வைத்திருக்க, அதனுள் உள்ள புரத இழைகள் ஒன்றையொன்று ஓயாமல் பற்றி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு பற்றுதலுக்கும் ஆற்றல் வேண்டும்.

கவலைப்படுபவர் கண்ணுக்குத் தெரியாத வாளியைச் சுமக்கிறார். ஆபத்தை எதிர்நோக்கும் மூளை, உடலை ஆயத்த நிலையில் நிறுத்துகிறது. தாடை இறுகுகிறது, தோள்கள் உயர்கின்றன, பிடரித் தசைகள் விறைக்கின்றன. செலவாகும் ஆற்றல் சிறிதே. ஆனால் ஒரே தசைகள் மணிக்கணக்கில் தளர்வின்றி இருப்பதால் வலியும் சோர்வும் உண்டாகின்றன. படுத்தாலும் இந்த இறுக்கம் தானாக அவிழ்வதில்லை.

இரண்டாவது காரணம் தூக்கம். நண்பரை ஒரு வாரம் குறிப்பெழுதச் சொன்னேன். இரவு பத்து மணிக்குப் படுக்கிறார்; பதினொன்றரைக்கு உறங்குகிறார்; இரண்டரைக்கு விழித்து ஒரு மணி நேரம் வட்டிக் கணக்குப் போடுகிறார்; மீண்டும் உறங்கி ஐந்தரைக்கு விழிக்கிறார்; ஆறு மணிக்கு எழுகிறார். படுக்கையில் கழிந்தது எட்டு மணி. உறங்கியது ஐந்து மணி. தூக்கத்தின் பயனுறுதிறன் 62 விழுக்காடுதான். 85க்கு மேல் இருந்தால் நல்லது என்பர். எட்டு மணி நேரம் ஓய்வெடுத்ததாக அவர் எண்ணியது தவறு என்பது இப்போது விளங்குகிறதன்றோ?

பரிகாரமும் இவ்விரு காரணங்களிலிருந்தே பிறக்கிறது. எட்மண்ட் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1929இல் வெளியிட்ட தசைத் தளர்ச்சிப் பயிற்சி இன்றும் கையாளப்படுகிறது. கை, தோள், தாடை என ஒவ்வொரு பகுதியையும் சில விநாடிகள் இறுக்கி, பின்பு மெல்லத் தளர்த்தி, இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை உணர வேண்டும். இறுக்கத்தை உணரக் கற்றவரே அதை அவிழ்க்க முடியும்.

தூக்கத்திற்கு, மருத்துவரின் யோசனைப்படி நண்பர் பகலுறக்கத்தை விட்டார். இரவு பன்னிரண்டுக்கே படுத்து ஆறுக்கு எழுந்தார். கடன் கணக்கைப் பார்க்க மாலையில் அரை மணி ஒதுக்கி, தாளில் எழுதி மூடிவைத்தார். முதல் வாரம் சோர்வு மிகுந்தது. பின்னர் ஆறு மணியில் ஐந்தேகால் மணி உறக்கம், அதாவது 87 விழுக்காடு கிடைத்தது. அதன் பிறகே படுக்கும் நேரம் கால் மணி கால் மணியாக முன்னே நகர்த்தப்பட்டது. வண்டி ஓட்டுபவர்களும் வலிப்பு நோய் உள்ளவர்களும் தாமாகவே இம்முறையில் இறங்கக் கூடாது.

ஓர் எச்சரிக்கை. களைப்பெல்லாம் கவலையால் வருவதன்று. எடை குறைதல், மூச்சிரைப்பு, விடாத காய்ச்சல், உரத்த குறட்டையினிடையே மூச்சுத் திணறல், எதிலும் நாட்டமின்மை ஆகியவை இருந்தால் முதலில் மருத்துவரிடமே செல்லவேண்டும்.

நண்பரின் கடன் இன்னும் தீரவில்லை. ஆனால் திங்கட்கிழமைகளில் அவர் மூட்டையைப் பற்றிப் பேசுவதில்லை.