கூச்சமுள்ள நூலகரும் சரியான புத்தகமும்

முன்பின் தெரியாத ஒருவருக்குச் சரியான புத்தகத்தை எடுத்துக் கொடுப்பதில் பெரிய தடை, அவர் கேட்கும் கேள்விதான். மனத்தில் இருப்பதை அவர் அப்படியே சொல்வதில்லை. நூலகத்தில் எது கிடைக்கும் என்று நினைக்கிறாரோ அதற்கேற்பச் சுருக்கிக் கேட்கிறார். அமெரிக்க நூலக அறிஞர் ராபர்ட் டெய்லர் 1968இல் இதை விளக்கி எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் உண்டு என்பதை எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இலேயே நூலக விதிகளாக வகுத்திருந்தார். அந்த இருவரையும் சேர்த்துவைக்கும் வேலை நூலகருடையது.

'பொன்னியின் செல்வன் மாதிரி ஒன்று வேண்டும்' என்று ஒருவர் கேட்பதாக வைத்துக்கொள்வோம். உடனே கை நீளுவது சாண்டில்யனின் 'கடல் புறா'வை நோக்கித்தான். அரசர், போர், சாகசம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அவருக்குப் பிடித்தது அவைதானா என்பது இன்னும் தெரியாது. சியாட்டில் நூலகர் நான்சி பேர்ல், வாசகர் ஒரு நூலுக்குள் நுழையும் வாசல்கள் நான்கு என்பார்: கதை, பாத்திரம், களம், மொழி. இந்த வாசகர் எந்த வாசல் வழியே போனார் என்பதை அறிய, 'அதில் எந்த இடம் மறக்காமல் நிற்கிறது?' என்ற ஒரு கேள்வி போதும். 'ஏன் பிடித்தது?' என்று கேட்டால் பலர் தேர்வு எழுதுவதுபோல் தடுமாறுவார்கள்.

கேட்டபின் பேசாமல் காத்திருக்க வேண்டும். கூச்ச சுபாவமுள்ள நூலகருக்கு இது இயல்பாகவே வரும். சரளமாகப் பேசுபவரோ தமக்குப் பிடித்த நூலைப் புகழத் தொடங்கிவிடுவார். வந்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வந்தியத்தேவன் குதிரையில் போகும் வழி, ஏரிக்கரை, ஆற்று வெள்ளம் என்று சொல்கிறார். அவர் நுழைந்த வாசல் களம். ஆகவே அவருக்கு ஏற்றது சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரிக் கரையோடு பயணம் செய்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'. அது நாவல் வரிசையில் இருக்காது, பயண நூல்களோடு இருக்கும். தனியாகத் தேடியிருந்தால் அவர் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டார்.

கூச்சத்தால் கெடுவதும் உண்டு. நூலகர் பதிவேட்டுக்குள் தலையைக் கவிழ்த்திருந்தால், தயங்கி நிற்பவர் கேட்காமலே திரும்பிவிடுவார். திரும்பி வந்த நூல்களை அடுக்கியபடி அலமாரிகளுக்கிடையே நடமாடுவது இதற்கு நல்ல வழி. அங்கே இருவர் கண்ணும் புத்தகத்தின் மேல் இருப்பதால் பேச்சு எளிதாகிறது.

ஒரே நூலைக் கையில் திணிப்பதைவிட இரண்டு மூன்றைக் காட்டி, பிடிக்காவிட்டால் படித்து முடிக்க வேண்டியதில்லை என்றும் சொல்லிவிடுவது நல்லது. பொருந்தியதா என்பது திருப்பித் தரும் நாளில் தெரியும். 'நன்றாக இருந்தது' என்ற மரியாதைச் சொல்லை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நூலில் வரும் ஓர் ஊரையோ ஆளையோ அவராகவே குறிப்பிட்டால் படித்திருக்கிறார். பிடிக்கவில்லை என்றால், எந்த இடத்தில் நிறுத்தினார் என்று கேட்டு, அடுத்த நூலை அங்கிருந்து தேடலாம்.