பொலிப்பாட்டின் கதாநாயகன்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வயல்களில் சூடு மிதிக்கும்போது பாடப்பட்டது பொலிப்பாட்டு. அறுத்த கதிரைச் சூடாகக் குவித்து வைப்பார்கள். பிறகு அதைக் களவெட்டியில் பரப்பி, மாடுகளையோ எருமைக் கடாக்களையோ கழுத்தோடு கழுத்தாகப் பிணைத்துச் சுற்றிச் சுற்றி நடத்துவார்கள். குளிர்ச்சி பார்த்து இரவில் மிதிப்பதும் உண்டு. ஒருவர் அடியெடுத்துப் பாட, கூட நிற்பவர்கள் ‘பொலி பொலி’ என்று வாங்கிப் பாடுவார்கள். நெல் பெருகட்டும் என்ற வேண்டுதல் அது.

பாட்டின் கதாநாயகன் மாடுதான். செல்லப் பிள்ளை மாதிரி அதைக் கொஞ்சுவார்கள், மணி கட்டுவதாக ஆசை காட்டுவார்கள், சோம்பினால் திட்டவும் செய்வார்கள். காரணம் நடையில் இருக்கிறது. பிணையலில் உள்பக்கம் நிற்பது வயதான மாடு. அது நின்ற இடத்திலேயே திரும்புவதுபோல நடக்கும். வெளிப்பக்கம் இளங்காளை, அதற்குத்தான் சுற்று நீளம். இரண்டும் ஒரே சீராக நடக்கவேண்டும், பாடுகிறவனுக்கும் தூக்கம் வரக்கூடாது. நன்றியும் அதட்டலும் ஒரே ராகத்தில் வருவது அதனால்தான். மாடு வாலைத் தூக்கினால் ஒருவன் கைநிறைய வைக்கோலோடு ஓடிப்போய்ச் சாணத்தை ஏந்துவான். நடுவே ஒரு வாய் கதிரை அது கவ்விக்கொண்டால், அது அதன் கூலி.

மண்ணுக்கு வேறு மரியாதை. களத்தைச் செதுக்கி, சாணம் மெழுகி, கும்பிட்ட பிறகே கதிர் இறங்கும். செருப்போடு உள்ளே போகக் கூடாது. பூமி இங்கே தாய். அவளிடம் அதட்டல் கிடையாது, பணிவு மட்டும்தான். களத்து நெல்லைப் பூதங்கள் கொண்டுபோகும் என்ற பயமும் உண்டு. அவற்றுக்குப் புரியாதிருக்க, மாட்டுக்கும் கருவிகளுக்கும் களத்துக்கென்றே தனிப் பெயர்கள் வைத்திருந்தார்கள்.

சூரியனுக்கு உரிய முறை தை முதல் நாளில் வருகிறது: முற்றத்தில் அடுப்பு, புத்தரிசி, முதல் படையல். அதற்கு மணி கட்டுவதாகச் சொல்ல முடியாது, திட்டவும் முடியாது. அதனால் சூரியனை விளிக்கும்போது குரல் தானாகவே மாறிவிடும். எட்டாத பெரியவரிடம் பேசுகிற குரல் அது. தமிழ்நாட்டில் மறுநாளே மாட்டுப் பொங்கல். கொம்புக்கு வர்ணம் பூசி, பட்டி பெருகவேண்டும் என்று கூவிக்கொண்டு தொழுவத்தைச் சுற்றும்போது, பழைய கொஞ்சல் திரும்பி வந்துவிடுகிறது.

இது புதிய பழக்கமல்ல. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையிலேயே ஏர்மங்கலம், களத்தில் பாடும் முகவைப்பாட்டு எல்லாம் பேசப்படுகின்றன.

டிராக்டர் வந்ததும் சூடு மிதிக்க மாடு தேவையில்லை என்றாயிற்று. இப்போது அறுப்பதையும் அடிப்பதையும் ஒரே இயந்திரம் வயலிலேயே முடித்துவிடுகிறது. பொலிப்பாட்டை மேடையில் பாடுகிறவர்கள் கைத்தட்டலுக்காக வேகத்தைக் கூட்டிவிடலாம். அந்த வேகத்தில் எந்த மாடும் களத்தைச் சுற்றியிருக்காது.