கோபக் குரலுக்கு ஓர் ஒத்திகை

வங்கியின் வாடிக்கையாளர் சேவை மையத்தில் புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு கார்டு வகைகள், ஏடிஎம் விதிகள், கணினித் திரைகள் என்று எல்லாவற்றையும் முறையாகச் சொல்லித் தருகிறார்கள். கோபமாகப் பேசும் வாடிக்கையாளரைச் சமாளிப்பதற்கும் ‘ரோல் பிளே’ என்ற பெயரில் ஒரு பயிற்சி உண்டு. பல இடங்களில் அது வீணாகிறது. வாடிக்கையாளராக நடிப்பவர் மனம்போனபடி கத்துகிறார், ஏஜெண்டாக நடிப்பவர் ‘சாரி சார்’ என்கிறார், சுற்றி இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். நடிப்பவர் தன் நண்பரைக் காப்பாற்ற நினைத்தால் கோபம் சீக்கிரமே அடங்கும். வேடிக்கை காட்ட நினைத்தால் கடைசி வரை அடங்காது. இரண்டிலுமே தன் எந்தச் சொல் கோபத்தைக் குறைத்தது, எது கூட்டியது என்று ஏஜெண்டுக்குத் தெரிவதில்லை.

அது தெரிய வேண்டுமென்றால் கோபப்படுபவருக்கும் விதி வேண்டும். கீழே உள்ள ஒருநாள் பயிலரங்கு அதை வைத்துத்தான் அமைகிறது.

மூன்று பேர், ஒரு அட்டை

பன்னிரண்டு பேர் இருந்தால் மூன்று மூன்றாக நான்கு குழுக்கள். ஒருவர் வாடிக்கையாளர், ஒருவர் ஏஜெண்ட், ஒருவர் கவனிப்பாளர். பேசும் இருவரும் முதுகுக்கு முதுகு உட்கார வேண்டும். தொலைபேசியில் முகம் தெரியாது. எதிரில் உட்கார்ந்தால் பாதி வேலையைச் சிரிப்பும் தலையசைப்பும் செய்துவிடும்.

வாடிக்கையாளர் கையில் ஓர் அட்டை இருக்கும். ஏஜெண்ட் அதைப் பார்க்கக் கூடாது. அதில் பிரச்சினை, அவராகச் சொல்லாத ஒரு காரணம், கோபத்தின் அளவு ஆகிய மூன்றும் எழுதியிருக்கும். அளவு ஒன்று முதல் ஐந்து வரை, அழைப்பு நான்கில் தொடங்கும். ஏஜெண்ட் குறுக்கே பேசினால் ஒரு படி ஏறும். ‘கொஞ்சம் அமைதியா பேசுங்க’ என்றாலும், கேட்காமல் ஹோல்டில் போட்டாலும், ஏற்கெனவே சொன்னதையே திரும்பச் சொல்லச் சொன்னாலும் ஏறும். நடந்ததைச் சரியாகத் திருப்பிச் சொன்னால் ஒரு படி இறங்கும். முன்பு அழைத்து அலைந்ததை ஒப்புக்கொண்டால் ஒரு படி, அடுத்து என்ன நடக்கும் என்பதைத் தேதியோடு சொன்னால் இன்னொரு படி. ஐந்தைத் தொட்டால் ‘மேனேஜரைக் கூப்பிடு’ என்று சொல்ல வேண்டும். சொல்லாத காரணம் மூன்றுக்கு இறங்கிய பிறகுதான் வெளியே வரும்.

கவனிப்பாளர் கருத்து எழுதக் கூடாது. ஏஜெண்ட் சொன்ன சொற்களை அப்படியே எழுதி, பக்கத்தில் ஏறியதா இறங்கியதா என்று குறித்தால் போதும்.

பத்தாயிரம் ரூபாய் அழைப்பு

முதல் அட்டை இது. ஓய்வுபெற்ற ஒருவர் 6-ஆம் தேதி மாலை வேறொரு வங்கியின் ஏடிஎம்மில் 10,000 ரூபாய் எடுக்க முயன்றார். பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது. இரண்டு முறை அழைத்துவிட்டார். இன்று 8-ஆம் தேதி. அவர் சொல்லாத காரணம்: மனைவி மருத்துவமனையில் இருக்கிறார், நாளை பணம் கட்ட வேண்டும்.

“ஏம்மா, என் காசை நான் கேட்டா ஆளாளுக்கு ஒரு கதை சொல்றீங்க! இது மூணாவது தடவை!”

புதியவரின் வாயில் முதலில் வருவது, “புரியுது சார், உங்க அக்கவுண்ட் நம்பர் சொல்லுங்க.” என்ன புரிந்தது என்று சொல்லாத ‘புரியுது’ எதையும் இறக்காது. மூன்றாவது முறை அழைப்பவரிடம் எடுத்த எடுப்பில் எண் கேட்டால் நான்கு ஐந்தாகும்.

முதல் அரை நிமிடம், முக்கால் நிமிடம் அவரைப் பேச விட வேண்டும். ‘ம்ம்’, ‘சொல்லுங்க சார்’ தவிர வேறெதுவும் வேண்டாம். முழு மௌனமும் ஆபத்து, ‘லைன்ல இருக்கியா?’ என்று கேட்டுவிடுவார். அவர் மூச்சு விடும் இடத்தில் இப்படித் தொடங்கலாம்:

“சார், ஆறாம் தேதி சாயந்திரம் பத்தாயிரம் கழிஞ்சிருக்கு, பணம் கைக்கு வரல. ரெண்டு தடவை கூப்பிட்டும் தெளிவா யாரும் சொல்லல. இதானே சார்? உங்க புகார் எந்த நிலைல இருக்குன்னு இப்பவே பார்க்கிறேன். அதுக்கு உங்க கணக்குன்னு உறுதி பண்ணிக்க ரெண்டு கேள்வி கேட்கணும், கேட்கலாமா?”

இரண்டு படி இறங்கிவிட்டது. கேள்விக்குக் காரணம் சொன்னதால் அது ஏறவுமில்லை. இனி தேதி சொல்ல வேண்டும். அதற்கு விதி தெரிந்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கைப்படி, ஏடிஎம்மில் வராத பணம் பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் கணக்குக்குத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீட்டை வாடிக்கையாளர் கேட்காமலேயே தர வேண்டும். இவருக்கு 11-ஆம் தேதி கெடு. பணம் 14-ஆம் தேதிதான் வந்தால் 300 ரூபாய் சேர்ந்து வர வேண்டும்.

இந்த இடத்தில்தான் மருத்துவமனைச் செய்தி வெளிவருகிறது. இரக்கத்தில் ‘நாளைக்கே வந்துடும் சார்’ என்று சொல்லத் தோன்றும். சொன்னால் அவர் நான்காவது முறை அழைப்பார், அந்தக் கோபம் வேறொரு ஏஜெண்டின் தலையில் விழும். “நாளைக்கு வரும்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது சார். பதினொண்ணாம் தேதிக்குள்ள வரணும்ங்கிறது விதி. நாளைக்குப் பணம் கட்டணும்னு உங்க புகார்லயே குறிப்பு எழுதி சூப்பர்வைசருக்கு அனுப்புறேன். புகார் எண்ணைக் குறிச்சுக்கிறீங்களா?” என்பதுதான் நேர்மையான பதில்.

உடனே இன்னொரு முறை

அழைப்பு ஐந்து நிமிடம், பேச்சு பத்து நிமிடம். முதலில் ஏஜெண்டாக இருந்தவர் எங்கே தடுமாறினார் என்று தானே சொல்வார். பிறகு வாடிக்கையாளர், எந்தச் சொல்லில் தன் கோபம் மாறியது என்று சொல்வார். கடைசியில் கவனிப்பாளர் தன் தாளை வாசிப்பார். அதன் பிறகு அதே அழைப்பை அதே ஏஜெண்ட் இன்னும் ஐந்து நிமிடம் பேச வேண்டும். நேரமில்லை என்று பலர் விட்டுவிடுவது இந்த இரண்டாம் சுற்றைத்தான். தவறைத் தெரிந்துகொள்வதோடு நிறுத்தினால், ஹெட்செட் மாட்டியதும் பழைய சொல்லே வாயில் வரும். இருபது நிமிடத்துக்கொரு முறை மூவரும் இடம் மாறினால் ஓர் அட்டைக்கு ஒரு மணி நேரம். மூவருக்கும் தொகையும் சொல்லாத காரணமும் வேறாக இருக்கட்டும்.

விதி மாறும் இடங்கள்

இரண்டாவது அட்டையில், ஓடிபி சொல்லி ஏமாந்த ஒருவர் இப்போதும் பணம் போய்க்கொண்டிருக்கிறது என்று அலறுகிறார். இங்கே முக்கால் நிமிடம் காத்திருப்பது தவறு. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணத்துக்கு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரே பொறுப்பு, தெரிவித்த பிறகு நடப்பதற்கு வங்கி பொறுப்பு என்பது ரிசர்வ் வங்கியின் 2017 விதி. ஆகவே “சார், முதல்ல கார்டை பிளாக் பண்ணிடுவோம், அப்புறம் முழுசா கேட்கிறேன்” என்று குறுக்கிட்டே ஆக வேண்டும். பிறகு 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணைச் சொல்ல வேண்டும். ‘ஏன் சார் ஓடிபி சொன்னீங்க?’ என்று கேட்டால் அட்டைப்படி நேராக ஐந்து.

மூன்றாவது அட்டை கெட்ட வார்த்தை பேசுபவர். வங்கியின் மீதுள்ள கோபத்தையும் ஏஜெண்டை இழிவுபடுத்துவதையும் பிரித்தறிய வேண்டும். முதலாவதைத் தாங்கிக்கொள்வது வேலை, இரண்டாவது வேலையில்லை. “உங்க பிரச்சினைய முடிச்சுத் தர நான் இருக்கேன். இந்த வார்த்தைகள் தொடர்ந்தா அழைப்பைத் துண்டிக்க வேண்டியிருக்கும்” என்று எச்சரித்து, நிறுவன விதிப்படி சூப்பர்வைசருக்கு மாற்றவோ துண்டிக்கவோ பழக வேண்டும். இந்த அட்டையில் உண்மையான வசைச்சொல் வேண்டாம், ‘வசை’ என்ற சொல்லே போதும். முடிந்ததும் நடித்தவர்கள் எழுந்து தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லி வேடத்தைக் கழற்றிவிட வேண்டும்.

பலித்ததா?

பயிலரங்கு முடிந்த அன்று எல்லோருக்கும் நம்பிக்கை இருக்கும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இரண்டு வாரம் கழித்து ஒவ்வொருவரின் உண்மையான அழைப்புப் பதிவுகளில் சிலவற்றை எடுத்து மூன்று கேள்விகள் கேட்கலாம். முதல் நிமிடத்தில் குறுக்கே பேசினாரா? நடந்ததைத் திருப்பிச் சொன்னாரா? அதே வாடிக்கையாளர் அதே விஷயத்துக்கு மறுபடி அழைத்தாரா? மூன்றாவதற்குப் பதில் அடிக்கடி ‘ஆமாம்’ என்று வந்தால், குறை ஏஜெண்டின் பேச்சில் மட்டும் இல்லாமல் போகலாம். சொன்ன தேதியில் வங்கி பணத்தைத் திருப்பாமல் இருந்திருக்கலாம். அந்தப் பட்டியலை அந்தத் துறையின் மேசைக்கு அனுப்புவதும் பயிற்சியாளரின் வேலைதான்.