பதிவு ரத்து நோட்டீஸுக்கு ஒரு கடைக்காரரின் பதில்

விருதுநகரில் சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள், மாதா மாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன். உரிமையாளர் உடம்புக்கு முடியாமல் படுத்ததில், 2024 நவம்பர் முதல் 2025 ஏப்ரல் வரை ஆறு மாத ரிட்டர்ன் போடவில்லை. 2025 ஜூன் 10 அன்று அவருக்கு REG-17 என்ற படிவத்தில் ஷோகாஸ் நோட்டீஸ் வருகிறது: “உங்கள் பதிவை ஏன் ரத்து செய்யக் கூடாது?”

முதலில் அவர் பார்க்க வேண்டியது, என்ன காரணம் சொல்லியிருக்கிறார்கள் என்பதை. மாத ரிட்டர்ன் போடுகிறவரின் பதிவை இந்தக் காரணத்துக்காக ரத்து செய்ய, தொடர்ந்து ஆறு மாதம் விட்டிருக்க வேண்டும். காலாண்டுக்காரர் என்றால் தொடர்ந்து இரண்டு காலாண்டு. நடுவில் ஒரு மாதம் தாக்கல் செய்திருந்தால் அந்தக் காரணம் நிற்காது. அதையே பதிலாக எழுதலாம். நம் கடைக்காரர் விஷயத்தில் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

பதில் தர ஏழு வேலை நாள் அவகாசம். ஜூன் 10 செவ்வாய்க்கிழமை. நடுவில் வரும் சனி ஞாயிற்றைக் கழித்தால் 19ஆம் தேதி வரை. இந்த நாட்களில் பதிவு தற்காலிகமாக நிறுத்தப்பட்டிருக்கும். வரி போட்டு பில் கொடுக்கக் கூடாது. அவருடைய எண்ணைத் தட்டிப் பார்க்கும் எந்த வியாபாரிக்கும் அது தெரிந்துவிடும் என்பதுதான் கடைக்காரரை அதிகம் உறுத்துவது.

பலரும் இந்த இடத்தில் தவறான வேலையில் நேரத்தைச் செலவழிக்கிறார்கள். மருத்துவமனைச் சீட்டுகளை இணைத்து, குடும்பக் கஷ்டத்தை விவரித்து இரண்டு பக்கம் எழுதுகிறார்கள். அதைப் படித்து அதிகாரி இரங்கலாம், இரங்காமலும் போகலாம். ஆனால் ஜிஎஸ்டி விதி 22(4) வேறு ஒரு வழி வைத்திருக்கிறது. ரிட்டர்ன் போடாததுதான் காரணம் என்றால், நிலுவையில் உள்ள எல்லா ரிட்டர்னையும் போட்டு, வரியை வட்டியோடும் தாமதக் கட்டணத்தோடும் முழுசாகக் கட்டிவிட்டால், அதிகாரி நடவடிக்கையைக் கைவிட்டாக வேண்டும். அங்கே இரக்கத்துக்கு வேலையே இல்லை.

செலவு எவ்வளவு? நம்மவர் ஜூன் 16 அன்று ஆறு மாதத்துக்கும் போடுகிறார். ஒவ்வொரு மாதத்துக்கும் முதலில் GSTR-1, அதன் பிறகு GSTR-3B. பழைய மாதத்திலிருந்துதான் வரிசையாக வர முடியும். தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய். அவருடைய விற்பனை அளவுக்கு ஒரு ரிட்டர்னுக்கு 2,000 ரூபாய்தான் உச்சவரம்பு. முதல் ஐந்து மாதமும் அந்த வரம்பைத் தொட்டுவிட்டன. ஏப்ரல் ரிட்டர்னுக்கு மே 20 கடைசி நாள். 27 நாள் தாமதத்துக்கு 1,350. ஆக மொத்தம் 11,350 ரூபாய். ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி. நவம்பருக்கு ரொக்கமாகக் கட்ட வேண்டிய வரி 9,000 என்றால், 178 நாளுக்கு வட்டி ஏறக்குறைய 790 ரூபாய். விற்பனையே இல்லாத மாதத்துக்கு உச்சவரம்பு 500தான்.

இவ்வளவும் செய்தபின் இணையதளம் தானாகவே நோட்டீஸைக் கைவிடுவதுண்டு. ஆகவில்லை என்றால் `View Notices and Orders` பக்கத்தில் `Initiate Drop Proceedings` என்ற பொத்தான் இருக்கிறது. ஆனாலும் REG-18 படிவத்தில் ஒரு பதிலைப் போட்டுவைப்பது நல்லது. பதிலும் இல்லை, விசாரணைக்கும் வரவில்லை என்று பதிவாகிவிட்டால், கையில் உள்ளதை வைத்தே உத்தரவு போட்டுவிடுவார்கள். பதில் இவ்வளவு இருந்தால் போதும்:

“ஐயா, 10.06.2025 தேதியிட்ட தங்கள் நோட்டீஸ் கிடைத்தது. அதில் குறிப்பிட்டுள்ள நவம்பர் 2024 முதல் ஏப்ரல் 2025 வரையிலான எல்லா ரிட்டர்ன்களையும் 16.06.2025 அன்று தாக்கல் செய்து, வரி, வட்டி, தாமதக் கட்டணம் முழுவதையும் செலுத்திவிட்டேன். தாக்கல் எண்களையும் பணம் செலுத்திய ரசீதுகளையும் இணைத்துள்ளேன். உடல்நலக் குறைவே தாமதத்துக்குக் காரணம். விதி 22(4)இன்படி நடவடிக்கையைக் கைவிட்டு REG-20 உத்தரவு வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்.”

REG-20 வந்தால், தற்காலிக நிறுத்தம் தொடங்கிய நாளிலிருந்தே நீங்கியதாகிவிடும்.

‘சொன்ன முகவரியில் கடையே இல்லை’ என்று நோட்டீஸ் வந்தால் கதை வேறு. அதற்கு மின்கட்டண ரசீது, வாடகை ஒப்பந்தம், ஜிஎஸ்டி எண் எழுதிய பெயர்ப்பலகையோடு கடையின் படம், அண்மைக் கால பில்கள் என்று ஆதாரம்தான் பேச வேண்டும்.

ஏழு நாளைக் கோட்டைவிட்டு ரத்து உத்தரவும் வந்துவிட்டால், அது கிடைத்த 90 நாளுக்குள் REG-21 படிவத்தில் பதிவைத் திரும்பக் கேட்கலாம். தக்க காரணம் இருந்தால் இன்னும் 180 நாள் வரை நீட்டித்துத் தர அதிகாரம் உண்டு. அதையும் தவறவிட்டவர்கள் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். சேலம் சுகுணா கட்பீஸ் சென்டர் வழக்கில் 2022 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பதிவுகளுக்கு மறுஉயிர் தந்தது. அங்கும் விதிக்கப்பட்ட நிபந்தனை, நிலுவை ரிட்டர்ன்களைப் போட்டு வரியையும் வட்டியையும் கட்டணத்தையும் கட்டு என்பதுதான்.