கருப்புப் பேன்ட்டில் பளபளப்பு ஏன் ஏறுகிறது?

கல்யாணத்துக்கும் அலுவலகத்துக்குமாக வைத்திருக்கும் கருப்பு டெரிவுல் பேன்ட்டை வெளிச்சத்தில் சற்றே சாய்த்துப் பாருங்கள். சில இடங்கள் மட்டும் எண்ணெய் தடவியது போல மின்னும். பாக்கெட்டின் ஓரம், ஜிப்பை மூடியிருக்கும் மடிப்பு, பக்கத் தையல், கால் ஓரத்தில் உள்ளே மடித்துத் தைத்த இடம். பேன்ட் முழுவதும் ஒரே இஸ்திரிப் பெட்டிதான் போயிருக்கிறது, சூடும் ஒன்றுதான். ஆனாலும் மினுமினுப்பு இந்த இடங்களில் மட்டும் வருகிறது. இங்கெல்லாம் துணி இரண்டு மூன்று அடுக்காக மேடேறி இருப்பதால் பெட்டியின் எடை முழுவதும் அந்த மேட்டின் மேலேயே இறங்குகிறது. சூடு மட்டும் துணியைக் கெடுப்பதில்லை; சூடும் அழுத்தமும் சேர்ந்துதான் கெடுக்கின்றன.

டெரிவுல் என்பது பாலியஸ்டரும் கம்பளியும் கலந்த துணி. கடைகளில் அதிகம் கிடைப்பதில் பாதிக்குச் சற்று மேல் பாலியஸ்டர், மீதி கம்பளி. ஒரே நூலுக்குள் இருந்தாலும் சூட்டைக் கண்டால் இந்த இரண்டும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

பாலியஸ்டர் சுமார் 255 டிகிரி செல்சியஸில்தான் உருகும். வீட்டுப் பெட்டியைக் காட்டன் அளவில் வைத்தாலும் 200 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அப்படியானால் கவலை எதற்கு என்று தோன்றும். உருகுநிலையை மட்டும் பார்த்தால் இங்கேதான் ஏமாறுவோம். பாலியஸ்டர் உருகுவதற்கு வெகு முன்பே, 80 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே, தன் விறைப்பை இழக்கத் தொடங்குகிறது. அதற்கு மேல் சூடு ஏற ஏற அது மேலும் மேலும் அழுத்தத்துக்கு இணங்கும். அந்த நிலையில் கனமான இரும்பை வைத்து அழுத்தினால், உருண்டையான இழை தட்டையாகிவிடும். பெட்டியை எடுத்ததும் துணி ஆறும். தட்டையான வடிவம் அப்படியே இறுகிப்போகும்.

நெசவில் ஒரு நூல் இன்னொன்றின் மேல் ஏறி இறங்குகிறது. ஏறும் இடங்களில் உள்ள இழைகள்தான் பெட்டியைத் தொடுபவை. அவை உருண்டையாக இருக்கும்வரை மேலே விழும் ஒளி நாலா பக்கமும் சிதறுவதால் துணி மங்கலாக, கண்ணுக்கு இதமாகத் தெரியும். அந்த மேடுகள் தட்டையானதும் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கண்ணாடி. ஒளி சிதறாமல் ஒரே திசையில் திரும்புகிறது, நாம் அதைப் பளபளப்பு என்கிறோம். வெள்ளைச் சட்டையிலும் இதே சேதம் நடக்கும். ஆனால் வெள்ளைத் துணி எப்படியும் ஏராளமான ஒளியைத் திருப்பி அனுப்புவதால், இந்தச் சிறு மினுமினுப்பு அதில் அடங்கிவிடும். கருப்பிலும் கடல் நீலத்திலும் மறைக்க எதுவும் இல்லை.

கம்பளியின் கதை வேறு. அது ஆட்டு மயிர். நம் தலைமுடியைப் போலப் புரதத்தால் ஆனது. உருகவே உருகாது. சாதாரண நிலையிலேயே நிறைய ஈரத்தைத் தன்னுள் வைத்திருக்கும். அந்த ஈரம் இருக்கும்வரை கம்பளி வளைந்து கொடுக்கும், அழுத்தினால் படியும், நீராவி பட்டால் மறுபடி எழும். ஆகவே கம்பளியில் வரும் பளபளப்பு பெரும்பாலும் படுத்துவிட்ட மயிர்கள்தான். காய்ந்த இரும்பை நெடுநேரம் வைத்தால்தான் ஆபத்து. முதலில் ஈரம் முழுவதும் வெளியேறும். பிறகு புரதமே சிதையத் தொடங்கி மஞ்சள் படரும், பழுப்பாகும், முடி கருகும் வாடை வரும். அந்த வாடை கம்பளிப் புரதத்தில் இருக்கும் கந்தகத்தால் வருவது. வாடை வந்துவிட்டால் அந்த இடத்தில் இழை வலுவிழந்துவிட்டது என்றே கொள்ளலாம்.

பெட்டியின் சக்கரத்திலும் துணியின் லேபிளிலும் புள்ளிகள் இருக்கும். ஒரு புள்ளி என்றால் சுமார் 110 டிகிரி, நைலானுக்கும் அக்ரிலிக்குக்கும். இரண்டு புள்ளி சுமார் 150, கம்பளிக்கும் பாலியஸ்டருக்கும். மூன்று புள்ளி சுமார் 200, பருத்திக்கும் லினனுக்கும். கலப்புத் துணியில் எந்த இழை சூட்டைக் குறைவாகத் தாங்குமோ அதற்குரிய புள்ளியே முழுத் துணிக்கும் புள்ளி. டெரிகாட்டன் சட்டையைக் 'காட்டன்தானே' என்று மூன்றில் வைத்துத் தேய்ப்பது தவறு என்பது இதனால்தான்.

சக்கரத்தைத் திருப்பிய உடனே சூடு மாறிவிடாது என்பதையும் கவனிக்க வேண்டும். முதல்முறை சூடேறும்போது பெட்டி குறித்த அளவைத் தாண்டிப் போய்விட்டுத்தான் இறங்கும். விளக்கு ஒருமுறை அணைந்து, மறுபடி எரிந்து அணையும்வரை காத்திருப்பது நல்லது. காட்டன் வேட்டியைத் தேய்த்துவிட்டுச் சக்கரத்தை இரண்டுக்குக் குறைத்து உடனே பேன்ட்டை எடுத்தால், அடித்தகடு இன்னும் பழைய சூட்டில்தான் இருக்கும். அதனால் குறைந்த சூட்டுத் துணிகளை முதலில் முடித்துவிட்டுக் காட்டனுக்குப் போக வேண்டும். தெருமுனைத் தள்ளுவண்டியில் கரிப்பெட்டியோடு நிற்பவருக்குச் சக்கரமும் இல்லை, விளக்கும் இல்லை. தண்ணீர் தெளித்துப் பார்த்து, துணிக்குத் துணி சூட்டைக் கணிக்கும் அவருடைய கைத்திறனுக்கு என் மரியாதை எப்போதும் உண்டு.

இனி அந்தக் கருப்பு பேன்ட்டைத் தேய்ப்போம். முதலில் உள்பக்கத்தை வெளியே திருப்பி, தையல்களையும் பாக்கெட் பைகளையும் உள்பக்கமாகவே முடித்துவிடுங்கள். பிறகு நேர்ப்பக்கம் திருப்பி, மடிப்புக்காகக் கால்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து, மேலே மெல்லிய பழைய பருத்தித் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து விரியுங்கள். இரண்டு புள்ளிச் சூட்டில் பெட்டியை வைத்து எடுங்கள், வைத்து எடுங்கள். இழுத்துத் தேய்க்க வேண்டாம். ஈரத்துணியில் நீர் இருக்கும்வரை அடியிலுள்ள பேன்ட் 100 டிகிரியை அவ்வளவாகத் தாண்டாது. அதிலிருந்து எழும் நீராவி கம்பளியைப் படியவைக்கும். பாக்கெட் மேட்டில் கையின் பலத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். தேய்த்த உடனே கால்களை மடக்கி மாட்டாமல் முழுவதும் ஆறவிட வேண்டும். சூடாக இருக்கும்போது பாலியஸ்டர் எந்த வடிவத்தில் கிடக்கிறதோ, ஆறும்போது அதையே பிடித்துக்கொள்ளும்.

ஏற்கெனவே மின்னிப்போன பேன்ட்டைக் காப்பாற்ற முடியுமா என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. மினுமினுக்கும் இடத்தில் விரல் நுனியை ஓட்டுங்கள். மற்ற இடம் போலவே மென்மையாக இருந்தால், அங்கே கம்பளி மயிர் படுத்திருக்க வாய்ப்பு அதிகம். பெட்டி துணியைத் தொடாமல் நீராவியை மட்டும் காட்டி, மென்மையான பிரஷ்ஷால் மயிரை எழுப்பிவிட்டால் பளபளப்பு வெகுவாகக் குறையும். பிளாஸ்டிக் போல வழவழப்பாக, விறைப்பாக இருந்தால் பாலியஸ்டர் இழையே தட்டையாகிவிட்டது அல்லது இளகி ஒட்டிக்கொண்டது. நீராவி அதை மீண்டும் உருண்டையாக்காது. வினிகர் தடவினால் போய்விடும் என்று சொல்வார்கள். துணிமேல் படிந்த அழுக்கையோ சோப்புப் படிவையோ வினிகர் எடுக்கலாம், தட்டையான இழையை அதனால் மாற்ற முடியாது.

அடுத்த முறை இஸ்திரிக்குக் கொடுக்கும்போது, 'அண்ணே, இது டெரிவுல், மேல ஈரத்துணி போட்டுத் தேய்ச்சிடுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.